சேதுவுக்கு, அப்பத்தா போன மூன்றாம் நாள்

அன்புள்ள சேது,

புதன்கிழமை பகலில் நீ பேசியபோது பின்னால் வேட்டுச் சத்தம் ஓயவே இல்லை. அதற்கு மேல் குரலை உயர்த்தி, "98 வயதுடா, கல்யாணச் சாவு" என்றாய். ஒரு நிமிடத்துக்குள் அதையே மூன்று முறை சொன்னாய். என்னைத் தேற்றுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். "சாப்பிட்டாயா?" என்று நான் கேட்டதும் உன் பேச்சு நின்றுவிட்டது. வேட்டு மட்டும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாய். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் திண்ணையிலிருந்து முதலில் விழும் கேள்வியை நான் எடுத்துக் கேட்டுவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. தெரிந்து கேட்கவில்லை.

உடனே கிளம்பி வந்திருக்க வேண்டியவன். சின்னவளுக்குத் திங்கட்கிழமை அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அம்மா குறுக்கே நின்றுகொண்டாள். வேறு யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் அவளோடு வாதாடிப் பார்த்திருப்பேன். ஆனால் அப்பத்தாவிடமே கேட்டிருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள். கூடவே, பிள்ளைக்கு இளநீர் கொடுத்தாயா, வேப்பிலை மாற்றினாயா என்று நூறு கேள்வி கேட்டிருப்பாள். அப்படி நினைத்துத்தான் பையை மறுபடி அலமாரியில் வைத்தேன்.

என்னைவிட எனக்கு நெருக்கமானவன் ஒருவன் போய்ச் சேர்ந்ததுபோல் இருக்கிறது, சேது. பாலுவைச் சொல்கிறேன். 2003இல் விடுதியிலிருந்து நாம் மூன்று பேர் உங்கள் ஊருக்கு வந்தோமே, அதில் பாலு ஒரே முறை வந்தவன். அப்பத்தா போட்டதை மறுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். அதனால் அவன் பெயர் மட்டும் அவள் மனதில் தங்கிவிட்டது. அடுத்த மாதம் நான் தனியாக உன்னோடு வந்து இறங்கியபோது, மணிக்கட்டைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "பாலுதானே?" என்றாள். நீ திருத்த வாயெடுத்தாய். நான்தான் உன் காலை மிதித்தேன். அவ்வளவு ஆசையோடு ஒருவர் கையைப் பிடித்துக் கூப்பிடும்போது நான் இளங்கோ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

அன்று தொடங்கியது, இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையை நீ படித்துக் காட்டியபோது, "பாலு கல்யாணம் என்றாய், இதில் யாரோ இளங்கோ என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டாளாம். "அது பள்ளிக்கூடத்துப் பெயர் அப்பத்தா" என்று நீ சமாளித்தாய். அந்த ஒரு பொய்க்காக உனக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். உலகத்தில் என்னைப் பாலு என்று கூப்பிட இருந்தது ஒரே ஒரு ஆள்.

இந்த மூன்று நாளாக ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. முற்றத்தில் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாகக் கயிறு. அதில் மஞ்சளும் உப்பும் மிளகாயும் தடவிக் கோத்த உப்புக்கண்டம், இரண்டாம் நாள் வெயிலில் ஓரம் சுருண்டு கறுத்திருக்கும். திண்ணை விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் புளிய விளாருடன் அப்பத்தா. அப்போதே அவளுக்கு வலது கண் முழுக்க மங்கிவிட்டது. ஆனாலும் காக்காய் ஓட்டில் வந்து உட்காரும் அந்தச் சின்ன 'டக்'கைக் கேட்டவுடன் தலையைத் திருப்பாமலே விளாரை வீசுவாள். அடி தரையில்தான் விழும். காக்காய் பறந்துவிடும். பக்கத்தில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த நம் இருவர் காலிலும் ஆளுக்கு இரண்டு தழும்பாவது இருக்கும். "காக்காயைத்தானேடா அடித்தேன்" என்பாள்.

ஊருக்குக் கிளம்பும்போது அதில் பாதியைத் தினத்தாளில் சுற்றி என் பையில் திணித்துவிடுவாள். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். விடுதி அறையில் அந்த வாசனை அடுத்த வாரம் வரை போகாது. இப்போது எந்தக் கடையில் விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வாசனை வருவதில்லை. மிளகாயில் குறையா, வெயிலில் குறையா என்று தெரியவில்லை.

ஓட்டுப் பெட்டி கதையை நீ உன் பையனுக்குச் சொல்லியிருக்கிறாயா? சொல்லாவிட்டால் இந்தப் பதினாறு நாளுக்குள் சொல்லிவிடு. 1952இல் நடந்த முதல் தேர்தலில் ஆளுக்கு ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருந்தது, சீட்டைப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தால் அத்தனையும் உண்மை. மாடு ஒட்டிய பெட்டியில் போடு என்று உன் தாத்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே கூட்டிப் போனாராம். உள்ளே போனவள் வேறொரு பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். எந்தப் பெட்டி என்று நான் எத்தனை முறை கேட்டிருப்பேன்! "உன் தாத்தாவிடமே சொல்லவில்லை, உன்னிடம் சொல்வேனா?" என்று வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரிப்பாள். அவர் எனக்கும் தாத்தாவாகிவிட்டதை அப்போது கவனித்தேன்.

2024 தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று வந்து சொன்னபோது அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள் அல்லவா? நான் என்ன படுத்த படுக்கையாகவா கிடக்கிறேன் என்று கேட்டாளாம். பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதாக நீ மூச்சு வாங்கச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த முதல் பெட்டி எது என்பதை யாருக்கும் சொல்லாமலே கொண்டுபோய்விட்டாள். கெட்டிக்காரி.

தாது வருஷப் பஞ்சத்தைத் தன் பாட்டி வாயால் கேட்டவள் அவள். 1876இல் நடந்ததை ஒரே ஒரு ஆள் இடையில் நின்று நம் காதில் போட்டிருக்கிறாள். அப்போது நாம் பாதி கேட்டோம், பாதி தூங்கிவிட்டோம்.

சேது, இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் உன்னிடம் வயதைத்தான் பேசுவார்கள். பேரன் பேத்தி, கொள்ளுப் பேரன் வரை பார்த்துவிட்டாள், நோய் நொடி இல்லை, யாருக்கும் பாரமில்லை என்பார்கள். எல்லாம் உண்மைதான், நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். நீயும் தலையாட்டி, பந்தலில் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பாய். ஆனால் அவர்கள் கணக்கு வேறு, உன் கணக்கு வேறு. ஐந்து வயதில் உன்னை அவளிடம் விட்டுவிட்டு உன் அப்பாவும் அம்மாவும் ஆந்திராவுக்கு முறுக்குக் கடை போடப் போனார்கள். காய்ச்சலில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் அவள். அப்பத்தா என்று கூப்பிட்டாயே தவிர, நீ அவளுக்குப் பிள்ளை. தாயைப் பறிகொடுத்தவனிடம் போய் வயதைச் சொன்னால் என்ன செய்வான், பாவம்? என்னிடம் நீ கல்யாணச் சாவு என்று சொல்ல வேண்டியதில்லை. அழ வேண்டும்போல் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடு. நான் எதுவும் பேச மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்குத் திரும்பாமல் இரண்டு நாள் இருந்திருக்கலாம் என்று குறுஞ்செய்தியில் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நீ கிளம்பும்போது, "ஜன்னல் ஓரம் உட்காராதே, பனி இறங்கும்" என்றாளாமே. நாற்பத்திரண்டு வயது ஆளிடம்! அவள் கடைசியாக உனக்குச் சொன்னது அதுதான் என்றால், அவளைப் பொறுத்தவரை அது எப்போதும்போல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையைப் பத்திரமாகப் பஸ் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. நீ லீவு போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். வேலைக்குப் போகாமல் என்னடா செய்கிறாய் என்று விரட்டியிருப்பாள்.

உன் மகன் நெய்ப்பந்தம் பிடித்த படத்தைப் பார்த்தேன். ஒரு கையில் பந்தம், இன்னொரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான். புகையினால்தான் என்று கீழே எழுதியிருக்கிறாய். அவனிடம் கேட்டுவிடாதே. புகையாகவே இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். சட்டம் போட நல்ல படம் கிடைக்கவில்லை, ரேஷன் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கப் போகிறோம் என்று உன் சித்தப்பா சொன்னதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறுக்கச் சொல். 2019 பொங்கலுக்கு வந்தபோது நான் எடுத்த படம் ஒன்று என் பழைய போனில் இருந்தது, தேடி எடுத்துவிட்டேன். புளிய விளாரோடு என்னைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறாள். தனியாக அனுப்புகிறேன். ஸ்டுடியோவில் கொடுத்தால் பின்னால் அருவியும் ரோஜாப்பூவும் வைத்துவிடுவார்கள், முகத்தையும் வெளுப்பாக்கிவிடுவார்கள். கறாராகச் சொல்லிவிடு. அந்தக் கறுப்பும் அந்தச் சுருக்கமும் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் தெரியும் உப்புக்கண்டக் கயிறும் இருக்கட்டும்.

வருகிற வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம் என்றாய். அதற்குள் சின்னவளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிடுவோம். புதன்கிழமை மாலையே வந்துவிடுகிறேன். சமையல் ஆளுக்கு, பந்தலுக்கு என்று பணம் தேவைப்பட்டால் தயங்காமல் சொல். வெட்டுக் காய் வாங்குவது, வந்தவர்களுக்கு இலை போடுவது எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிடு. அன்றைக்காவது நீ ஓர் இடத்தில் உட்கார வேண்டும். இதற்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருக்காதே.

வண்டி அனுப்ப வேண்டாம். கடைசி பஸ்ஸில் இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்து வருகிறேன். திண்ணையில் ஆள் இல்லாமல் அந்த வீட்டுக்குள் நான் நுழைந்ததே இல்லை. நாய் குரைத்தால் நீ வெளியே வந்து நில்.

உன்,
இளங்கோ என்கிற பாலு