மார்ச் 12 முன்கூட்டியே அறை பெறுதல், மார்ச் 13 மாலை வரை பெட்டிகளை வைத்தல் – முன்பதிவு எண் 48217

வரவேற்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மார்ச் 12 வியாழக்கிழமை ஓர் இரவு தங்குவதற்காக, எழும்பூரில் உள்ள தங்கள் விடுதியில் இருவர் தங்கும் குளிர்சாதன அறை ஒன்றை என் பெயரில் பதிவு செய்திருக்கிறேன். என்னுடன் எழுபத்து நான்கு வயதான என் தாயார் வருகிறார். மறுநாள் இரவு 11.10 மணி விமானத்தில் இருவரும் சிங்கப்பூர் செல்கிறோம். இதன் பொருட்டுத் தங்களிடம் இரண்டு உதவிகள் கேட்டு இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வரும் நாங்கள், வியாழன் விடியற்காலை ஐந்தரை மணியளவில் எழும்பூரில் இறங்கி, ஆறு மணிக்கெல்லாம் விடுதிக்கு வந்துவிடுவோம். தங்கள் விதிப்படி அறை பிற்பகல் ஒரு மணிக்குத்தான் கிடைக்கும் என்பதை அறிவேன். ஆனால் அன்று காலை ஒன்பதரை மணிக்கு அம்மாவுக்குக் கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். அதற்குள் அவர் குளித்து, இன்சுலின் போட்டுக்கொண்டு, உடனே சிற்றுண்டியும் சாப்பிட்டாக வேண்டும். இரவு முழுவதும் ரயிலில் வந்த களைப்போடு வரவேற்பறை நாற்காலியில் அவரை உட்கார வைத்திருப்பது இயலாத காரியம். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் பட்டால் கூச்சமாகவும் இருக்கும் என்பதால், திரும்பி வந்ததும் திரையை இழுத்துவிட்டு அவர் படுக்கவும் அறை தேவைப்படும். ஆகவே காலை ஆறு மணிக்கே அறையைத் தர முடியுமா என்று தெரிவியுங்கள். அரை நாள் வாடகையோ கூடுதல் கட்டணமோ உண்டென்றால் தயங்காமல் சொல்லுங்கள், செலுத்தத் தயாராக இருக்கிறேன். முந்தைய இரவு தங்கியவர்கள் காலி செய்யாத காரணத்தால் நாங்கள் பதிவு செய்த அறை கிடைக்காவிட்டால், அன்று காலியாக இருக்கும் வேறு அறை, சற்றுச் சிறியதாயினும், எங்களுக்குச் சம்மதமே. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் அது லிஃப்ட் செல்லும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

அடுத்தது பெட்டிகள் பற்றியது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகுகாலம். அது முடியாமல் அம்மா வாசலைத் தாண்டமாட்டார். எனவே சாவியை ஒப்படைக்கப் பத்து நிமிடம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெரம்பூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புவோம். அதுவரை இரண்டு பெரிய சூட்கேஸ்களையும் கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டியையும் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டைப் பெட்டியில் என் தங்கைக்காக அம்மா செய்த அதிரசமும் முறுக்கும் இருப்பதால், அதன்மேல் வேறு பெட்டிகளை அடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், நகை, பணம் எதையும் அவற்றில் வைக்கமாட்டோம். பெட்டிகள் வைக்கும் இடம் பூட்டப்பட்ட அறையா, எண்ணிட்ட சீட்டு தருவீர்களா, இதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் தெரிவித்தால் நல்லது.

இதனுடன் சிறியதாகத் தோன்றினாலும் எனக்கு மிக முக்கியமான ஒன்று: பிரிக்காத இன்சுலின் பேனாக்கள் சிலவற்றைக் குளிர்ந்த நிலையிலேயே ஊருக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால், பெயர் எழுதிய டப்பாவில் போட்டுத் தருகிறேன். வியாழன் காலை முதல் வெள்ளி மாலை வரை சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க இடம் கொடுங்கள். உறைந்துவிட்டால் அந்த மருந்து பயன்படாது என்பதால், ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வெள்ளி மாலை கிண்டி, கத்திப்பாரா பக்கம் நெரிசல் அதிகம் இருக்கும் என்பதால், எட்டு மணிக்குள் விமான நிலையத்தில் இருக்கும்படி ஆறே முக்காலுக்குக் கிளம்ப எண்ணியிருக்கிறோம். மின்சார ரயிலில் திரிசூலம் போவது விரைவுதான் என்றாலும், இத்தனை சுமையோடு அம்மாவைப் படியேற்ற எனக்கு மனமில்லை. பெட்டிகள் எல்லாம் கொள்ளும் அளவுள்ள வாடகைக் கார் ஒன்றைத் தங்கள் மூலம் ஏற்பாடு செய்ய இயலுமானால், அதன் கட்டணத்தையும் குறிப்பிடுங்கள்.

மார்ச் 8ஆம் தேதிக்குள் தங்கள் பதில் கிடைத்தால், காலையில் அறை கிடைக்காத நிலையில் முந்தைய இரவுக்கும் சேர்த்தே பதிவு செய்துவிடுவேன். எங்கள் இருவரின் ஆதார் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். தொலைபேசியில் பேச விரும்பினால், முன்பதிவில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண்ணில் மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
சு. மீனாட்சிசுந்தரம்
மதுரை