ஏதேனும் ஒன்று

அக்டோபர் 2 கிராம சபையோடு வீடு கட்டும் திட்டத்துக்கான சரிபார்ப்பும் உண்டு என்று ஒன்றிய அலுவலகத்திலிருந்து கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. ஊராட்சி செயலர் செல்வி அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டார். தமிழ் படு சுத்தம், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை, தேதி நேரம் எல்லாம் சரி, அதனால் அப்படியே பிரிண்ட் எடுத்துவிட்டார்.

நோட்டீஸை ஒட்டப்போக வந்த தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்தான் கேட்டார். "ஏம்மா, ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூணும் கொண்டு வரணுமா? எங்க தெரு பாட்டிக்கு ரேஷன் கார்டே கிடையாதே."

செல்வி ஆங்கிலக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்றிருந்தது. தமிழில் அந்த 'ஏதேனும் ஒன்று' மட்டும் விழுந்துபோய், 'ஆகியவற்றுடன் வரவும்' என்று வாசிக்க வெகு இயல்பாக நின்றது.

டோனர் வேறு தீர்ந்திருந்தது. சிவப்புப் பேனாவில் ஒவ்வொரு தாளிலும் எழுதிச் சேர்த்தார்.

"டீக்கடையில ஒண்ணு காலையிலேயே ஒட்டிட்டேம்மா."

"அப்ப பேனாவையும் எடுத்துட்டுப் போங்கண்ணே. அப்படியே பாட்டிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."