பத்து மூட்டை

லாரி கேட்டில் வந்து ஹாரன் அடித்தபோது இரவு 11.40. நேரம் நன்றாக நினைவிருக்கிறது, கேட் ரிஜிஸ்டரில் எழுதியவன் நான்தானே. வண்டி எண், சலான் எண், சரக்கு சிமெண்ட், 400 மூட்டை. அந்த 400-ஐயும் நான்தான் எழுதினேன். எண்ணி எழுதவில்லை, சலானைப் பார்த்து எழுதினேன். எந்த வாட்ச்மேனும் அப்படித்தான் செய்வான். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய வண்டியில், கேட்டில் நின்றுகொண்டு எதை எண்ணுவது?

ஸ்டோர்கீப்பருக்குப் போன் போட்டேன். சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தூக்கக் கலக்கத்தோடு வந்தாலும் கையில் பேனாவும் அட்டையும் இருந்தன. டிரைவர் கேபினை விட்டு இறங்காமலே பின்னுக்கு எடுத்து, குடோன் வாசலில் வண்டியை நிறுத்தினார். லோடுமேன்கள் நான்கு பேரும் தார்ப்பாயை அவிழ்க்கப் போனார்கள். நான் டார்ச் அடித்தேன்.

இரண்டரை மணி நேரம் இறக்கினார்கள். மூட்டை தோளில் ஏறி வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஸ்டோர்கீப்பர் ஒரு கோடு போட்டார். ஐந்தாவது கோடு குறுக்கே. இரண்டு கட்டு சேர்ந்தால் பத்து. கடைசி மூட்டை உள்ளே போனதும் கூட்டிப் பார்த்தார். மறுபடியும் கூட்டினார்.

"டிரைவரண்ணே, 390தான் வருது."

டிரைவர் சிரித்தார். "நல்லா எண்ணுங்க சார்."

"நல்லாத்தான் எண்ணியிருக்கேன்."

"பத்து குறையுதுங்கிறீங்க. சரியா பத்து. ஏழு இல்ல, பதிமூணு இல்ல. எடுக்கிறவன் பத்துன்னு எண்ணியா எடுப்பான்? எண்ணுறவன்தான் ரெண்டு கட்டைக் கோட்டை விடுவான்."

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பேச்சு எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஸ்டோர்கீப்பருக்கும் பட்டிருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. வேறு எதுவும் பேசாமல் குடோனுக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். இந்தப் பையனிடம் ஒரு நல்ல பழக்கம், மூட்டையைக் கண்டபடி போட விடமாட்டார். பத்து பத்தாக அடுக்கச் சொல்லுவார், பழைய சரக்கோடு சேர்க்கவும் விடமாட்டார். டிரைவரையே எண்ணச் சொன்னார். டிரைவர் ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடந்தார். எந்த அடுக்காவது ஒன்பதோ பதினொன்றோ இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார். இல்லை. 39 அடுக்கு.

வெளியே வந்தவர் கேபினிலிருந்து எடைச் சீட்டை எடுத்து வந்து நீட்டினார். "இதைப் பாருங்க. சரக்கு எடை மட்டும் 20,030 கிலோ. மூட்டைக்கு 50, கணக்குப் போட்டுக்கோங்க. லோடு சரியா ஏறியிருக்கு."

"ஏறினது சரிண்ணே. இங்க வந்தது?"

"இங்க ஏன் எடை போடல?"

அதற்குப் பதில் இல்லை. எங்களிடம் எடை மேடை கிடையாது. இறக்குவதற்கு முன் வெளியே எங்காவது எடை போட்டிருந்தால் அரை டன் குறைவது அப்போதே தெரிந்திருக்கும். வண்டியைக் காலி செய்த பிறகு எடை போட்டு என்ன பிரயோஜனம்?

ஸ்டோர்கீப்பர் சலானை அட்டையில் வைத்து, '390 மட்டும் பெறப்பட்டது' என்று எழுத ஆரம்பித்தார். டிரைவர் சட்டென்று அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

"தம்பி, நீ எழுதிட்டுப் படுத்துடுவ. பத்து மூட்டைக் காசும் என் வாடகையிலதான் பிடிப்பாங்க." சார் போய்த் தம்பி வந்துவிட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்க நோட்டுல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

"400," என்றேன்.

"கேட்டுச்சா? உங்க ஆளே 400 உள்ள வந்துச்சுன்னு எழுதியிருக்காரு. அப்ப பத்து மூட்டை எங்க காணாம போச்சு? கேட்டுக்கு வெளியவா, உள்ளவா?"

லோடுமேன்களில் ஒருவன் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். பேச்சு இப்போது அவர்கள்மேல் போய்விட்டது. என்மேலும்தான். ஸ்டோர்கீப்பர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். 'ஏதாவது சொல்லுங்கண்ணே' என்பதுபோல் பார்த்தார்.

சொல்ல ஒன்று இருந்தது. தார்ப்பாயை அவிழ்க்கும்போது டார்ச் வெளிச்சத்தில் கண்டது. மற்ற முடிச்செல்லாம் ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டன, கை தேர்ந்த ஆள் போட்ட சுருக்கு. பின்பக்கம் இடது மூலையில் இருந்தது மட்டும் அவிழவே இல்லை. முடிச்சின்மேல் முடிச்சாக மூன்று. லோடுமேன் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுக் கத்தியால் அறுத்துப் போட்டான். அப்போதே எனக்கு உறுத்தியது. நமக்கென்ன, இறக்கினால் தெரிந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

வாசலோரம் தேடினேன். சிமெண்ட் தூசியில் கிடந்தது, ஒரு சாண் நீளக் கயிறு, முடிச்சோடு. எடுத்து டிரைவர் கையில் கொடுத்தேன்.

"இது நீங்க போட்டதா?"

வாங்கி விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் அந்த மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். பேச்சு நின்றுவிட்டது.

"எந்த மூலை?"

"பின்னால, இடது கைப் பக்கம்."

"சாயங்காலம் டயர் பஞ்சர்," என்றார், எங்களிடம் சொல்வதுபோல் இல்லை. "ஸ்டெப்னியிலயும் காத்து இல்ல. வீலைக் கழட்டி உருட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் வண்டி தனியா நின்னுச்சு. வந்து பார்த்தேன், தார்ப்பாய் கட்டியபடியே இருந்துச்சு." கொஞ்சம் நேரம் கழித்து, "கட்டியபடியேதான் இருந்துச்சு," என்றார் மறுபடியும்.

ஸ்டோர்கீப்பர் சலானை முடித்தார். 10 குறைவு. அப்புறம் பேனாவை மூடாமல் என்னிடம் கேட்டார். "முடிச்சு விஷயத்தையும் எழுதிடவா? எழுதினா அவருக்கு உதவும். ஆனா பார்த்துட்டு ஏன் சொல்லல, ரிஜிஸ்டர்ல ஏன் 400 போட்டன்னு காலைல உங்களைக் கேப்பாங்கண்ணே."

"கேப்பாங்கதான். எழுதுங்க சார்."

'வண்டி வந்தபோது பின்பக்க இடது மூலைக் கயிறு வேறு முடிச்சில் இருந்தது, வாட்ச்மேன் பார்த்தார்' என்று எழுதினார். கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். டிரைவர் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

நான் அறைக்குப் போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். 400-ஐ 390 ஆகத் திருத்துவது சுலபம், இரண்டு சுழி போதும். திருத்தவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, '400 சலான்படி, எண்ணவில்லை. இறக்கியபின் 390' என்று பக்கத்தில் எழுதி நேரத்தையும் போட்டேன்.

அதற்குள் டிரைவர் தார்ப்பாயை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அறுத்த மூலையில் கயிறு எட்டவில்லை. கேட்டில் கிடந்த துண்டுக் கயிற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

வண்டி கேட்டுக்கு வரும்போது மணி 3.20. ரிஜிஸ்டரில் 'காலி வண்டி' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"டிரைவரே, பின் கதவைக் கொஞ்சம் இறக்குங்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.