விடைக்கு முன்னால் உள்ள வரிகள்: எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியர் உரை

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் அனுப்பி வருகிறீர்கள், அதற்கு நன்றி. அந்தப் படங்களில் விடையைவிட நான் அதிகம் தேடுவது செய்முறையைத்தான். அதற்கான காரணத்தைச் சொல்லவே இந்தச் சில நிமிடங்களைக் கேட்டு வாங்கினேன்.

சென்ற வாரம் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். 800 ரூபாய்ப் புத்தகப்பையின் விலையைக் கடைக்காரர் 10 சதவீதம் கூட்டுகிறார். பிறகு கூட்டிய விலையில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார். இறுதி விலை என்ன? விடை 792 ரூபாய். ஒரு பிள்ளை 800 என்றும், இன்னொரு பிள்ளை 802 என்றும் எழுதியிருந்தார்கள். விடையை மட்டும் பார்த்தால் இரண்டுமே தவறு, இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோடுதான். ஆனால் முதல் பிள்ளை, கூட்டிய பத்தும் குறைத்த பத்தும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறது. அதற்குச் சதவீதம் எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதையே மறுபடியும் சொல்லித்தர வேண்டும். இரண்டாவது பிள்ளை 880 வரை சரியாக வந்து, 88ஐக் கழிக்கும்போது கடன் வாங்கிய இலக்கத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. அதற்குச் சதவீதம் நன்றாகவே தெரியும். இந்த வேறுபாடு பக்கத்தின் ஓரத்தில் போட்டிருந்த கழித்தலில்தான் எனக்குத் தெரிந்தது.

792 என்று விடை மட்டும் வந்த படங்களும் உண்டு. அவற்றுக்கு நான் என்ன சொல்வது? புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் இருப்பது பிள்ளைகளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வகுப்பில் என்றால் பக்கத்தில் நின்று, எப்படிச் செய்தாய் என்று கேட்டுவிடலாம். படத்திடம் அப்படிக் கேட்க முடியாது.

மதிப்பெண் கவலையும் உங்களுக்கு இருக்கும். பத்தாம் வகுப்புக் கணிதப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண்ணில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களுக்கு 14 மதிப்பெண்தான். மீதி 86 மதிப்பெண்ணுக்கும் செய்து காட்டியாக வேண்டும். கடைசி வரியில் பிழை வந்தாலும், அதுவரை சரியாகப் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

ஆகவே, தப்பாகப் போட்டதை ரப்பரால் அழிக்கச் சொல்லாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே தொடர்ந்தால் போதும். அழகாக இருக்க வேண்டும் என்று வேறு தாளில் பார்த்து எழுத வைத்து அனுப்புவதும் வேண்டாம், அடித்தல் திருத்தலோடு கூடிய பக்கமே எனக்குப் பயன்படும். ஓரக் கணக்கை வெட்டிவிடாமல், முழுப் பக்கமும் தெரியும்படி, கூடியவரை பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பென்சில் எழுத்து இரவு விளக்கில் மங்கிவிடுகிறது. பிள்ளைக்கு ஒரு கணக்கு வரவில்லை என்றால், நின்றுபோன இடம்வரை அப்படியே அனுப்புங்கள். மறுநாள் வகுப்பில் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.