பொருள்: கட்டுரை எண் 0417 – திருத்திய வடிவமும் மதிப்பாய்வாளர்களுக்கான பதிலும்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கணினிப் பணியாளர்களின் கழுத்து வலியும் மணிக்கொரு முறை செய்யும் சிறு பயிற்சியும்" என்ற எங்கள் கட்டுரையை இரண்டு மதிப்பாய்வாளர்களும் பொறுமையாகப் படித்திருக்கிறார்கள். இருவருக்கும், திருத்தி அனுப்ப ஆறு வாரம் அவகாசம் தந்த உங்களுக்கும் நன்றி. திருத்திய கட்டுரையை இணைத்துள்ளோம். மாற்றிய இடங்கள் நீல எழுத்தில் இருக்கின்றன. சில்லறைத் திருத்தங்களை எல்லாம் அப்படியே செய்துவிட்டதால் அவற்றை இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லவில்லை. பேச வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மதிப்பாய்வாளர்

முடிவுரையில் "இந்தப் பயிற்சியால் பயன் இல்லை" என்று எழுதியிருந்தோம். எங்கள் தரவு அவ்வளவு தூரம் சொல்லவில்லை என்கிறார். அவர் சொல்வது சரி. பத்துப் புள்ளி வலி அளவில் இரு குழுக்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.7, அதன் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி −0.1 முதல் 1.5 வரை, பி-மதிப்பு 0.09. ஒன்றரைப் புள்ளிவரை வலி குறைந்திருக்கலாம் என்று இடைவெளியே சொல்லும்போது, பயனே இல்லை என்று அடித்துச் சொன்னது எங்கள் தவறு. "பயன் உண்டா இல்லையா என்று இந்த ஆய்வைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று மாற்றிவிட்டோம். சுருக்கத்திலும் அதே வாக்கியம்தான்.

இரண்டாம் அட்டவணையில் இரு குழுவிலும் 42 பேர் என்று இருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். இறுதி அளவீட்டுக்கு வராதவர்கள் மூவர், ஆகவே 41, 40 என்று இருக்க வேண்டும். மூன்று பேர் படித்தும் எங்கள் கண்ணில் படாத பிழை இது. அந்த மூவரின் விடுபட்ட மதிப்புகளைப் பன்முறை நிரப்பல் முறையில் நிரப்பியதையும், அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் வேறுபாடு 0.7 ஆகவே வருவதையும் செய்முறைப் பகுதியில் சேர்த்திருக்கிறோம்.

இரண்டாம் மதிப்பாய்வாளர்

இவருடைய கருத்துகளில் பாதிக்கு மேல் ஏற்றுக்கொண்டோம். பயிற்சியை விவரித்த பகுதி தெளிவாக இல்லை என்றது நியாயம். எத்தனை நொடி, எத்தனை முறை, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று விரிவாக எழுதிவிட்டோம். நான்கு இடங்களில் மட்டும் எங்களால் உடன்பட முடியவில்லை.

முதலாவது, முதன்மை விளைவை மாற்றுவது. வலி அளவில் தெளிவான வேறுபாடு வராததால், பி-மதிப்பு 0.03 வந்த கழுத்து அசைவு வீச்சை முதன்மை விளைவாக்கி, தலைப்பிலும் அதையே வைக்கலாம் என்கிறார். கட்டுரை வலுவாகத் தெரிய வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவேட்டில் வலி அளவைத்தான் முதன்மை விளைவாகப் பதிந்தோம். அசைவு வீச்சு, ஐந்து துணை விளைவுகளில் ஒன்று. உண்மையில் எந்த விளைவுமே இல்லாவிட்டாலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்து சோதனைகள் செய்தால் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர நூற்றுக்கு 23 வாய்ப்பு இருக்கிறது. முடிவைப் பார்த்த பிறகு எது நன்றாக வந்ததோ அதுதான் எங்கள் கேள்வி என்று சொல்வது, அம்பு எய்த பிறகு இலக்கு வரைவது போலாகிவிடும். அசைவு வீச்சின் முடிவு துணை விளைவுகளின் அட்டவணையில், இனி சோதித்துப் பார்க்க வேண்டியது என்ற குறிப்போடு இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். இதை மாற்றினால்தான் கட்டுரை ஏற்கப்படும் என்றால், திரும்பப் பெறுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எங்கள் நிலை முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, பயிற்சியைப் பாதிகூடச் செய்யாத ஒன்பது பேரை நீக்கச் சொல்வது. அவர்களை நீக்கினால் வேறுபாடு 1.1 ஆகிறது. கணக்கிட்டுப் பார்த்தோம். ஆனால் அந்த ஒன்பது பேர் யார் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது: ஆய்வின் தொடக்கத்தில் அவர்களுடைய சராசரி வலி 6.1, அதே குழுவில் மற்றவர்களுக்கு 5.0. வலி அதிகம் உள்ளவர்கள்தான் பயிற்சியை விட்டிருக்கிறார்கள். அவர்களை எடுத்துவிட்டால் பயிற்சிக் குழுவில் மட்டும் வலி குறைந்தவர்கள் மிஞ்சுவார்கள், எதிர்க்குழு அப்படியே இருக்கும். சமவாய்ப்பு முறையில் பிரித்ததற்கே பொருள் இல்லாமல் போகும். ஒதுக்கிய குழுவிலேயே எல்லோரையும் வைத்துக் கணக்கிடுவதைத்தான் முதன்மைப் பகுப்பாய்வாக வைத்திருக்கிறோம். 1.1 என்ற எண்ணையும், அதை ஏன் நம்பக் கூடாது என்பதையும் பின்னிணைப்பில் கொடுத்துவிட்டோம். வாசகர் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, கிடைத்த முடிவைக் கொண்டு புள்ளியியல் திறனைக் கணக்கிட்டுத் தரச் சொல்வது. இது பலரும் கேட்பதுதான், கேட்டதில் குறையில்லை. ஆனால் அப்படிக் கணக்கிடும் திறன், பி-மதிப்பையே வேறு உடையில் காட்டுவது. பி-மதிப்பு சரியாக 0.05 என்றால் அந்தத் திறன் ஏறக்குறைய 50 விழுக்காடு வரும், பி-மதிப்பு அதைவிடக் கூடினால் திறன் பாதிக்குக் கீழே இறங்கும். புதிய தகவல் எதுவும் கிடைக்காது. 2001-லேயே ஹேனிக்கும் ஹெய்ஸியும் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஆய்வுக்கு முன் போட்ட கணக்கை முழுமையாகக் கொடுத்திருக்கிறோம்: 1.2 புள்ளி வேறுபாடு, திட்ட விலக்கம் 1.8, திறன் 80 விழுக்காடு, குழுவுக்கு 37 பேர், இடையில் விலகுவோரை எண்ணி 42. எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதை நம்பிக்கை இடைவெளியே சொல்லிவிடுகிறது.

நான்காவது சிறியது. முதல் அட்டவணையில் தொடக்க நிலைப் பண்புகளுக்கு பி-மதிப்பு போடச் சொல்கிறார். சமவாய்ப்பு முறையில் பிரித்தபின் வரும் வேறுபாடு தற்செயலானது என்று முன்பே தெரியும், அதைச் சோதிக்க ஒன்றுமில்லை. கன்சார்ட் வழிகாட்டுதலும் இதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. சேர்க்கவில்லை.

அப்புறம், இவர் சேர்க்கச் சொன்ன ஐந்து மேற்கோள்களையும் படித்தோம். இரண்டு எங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை, சேர்த்துவிட்டோம். மற்ற மூன்றும் முதுகு வலி பற்றியவை, நம் கட்டுரையில் அவற்றுக்கு இடம் தெரியவில்லை. ஐந்துமே ஒரே குழுவினர் எழுதியவை என்பதை உங்கள் கவனத்துக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன். இந்தப் பத்தியை மதிப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி

விவாதப் பகுதியைக் குறைக்கச் சொல்கிறார் முதலாமவர், விரிக்கச் சொல்கிறார் இரண்டாமவர். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. 1,400 சொற்களை 1,050 ஆகக் குறைத்து, இரண்டாமவர் கேட்ட வேலையிடச் சூழல் பற்றிய ஒரு பத்தியை மட்டும் உள்ளே வைத்திருக்கிறோம். உங்களுக்கு வேறு விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

மேலே சொன்ன நான்கில் எதையாவது நீங்கள் ஏற்கத் தயங்கினால், புள்ளியியல் தெரிந்த மூன்றாம் ஒருவரிடம் காட்டுங்கள். பெயர் நீக்கிய தரவையும் பகுப்பாய்வுக் குறிமுறையையும் அவருக்காக இணைத்திருக்கிறோம்.

அன்புடன்,
கட்டுரையாளர்கள் மூவர் சார்பில்,
தொடர்புக்குரிய ஆசிரியர்

இணைப்பு: திருத்திய கட்டுரை, மாற்றங்கள் குறித்த படி, பின்னிணைப்பு, தரவுக் கோப்பு, குறிமுறைக் கோப்பு