முன் அனுமதிக்கான மருத்துவச் சுருக்கம்: திட்டமிட்ட பித்தப்பை நீக்க அறுவைச் சிகிச்சை

நாள்: 12.08.2025
இடம்: தண்டையார்பேட்டை, சென்னை
பெறுநர்: கேஷ்லெஸ் பிரிவு மருத்துவ அதிகாரி அவர்கள்

ஐயா / அம்மா,

நோயாளி 47 வயதுப் பெண். காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர். பெயர், பாலிசி எண், அடையாள அட்டை விவரங்கள் இத்துடன் உள்ள முன் அனுமதிப் படிவத்தில் இருக்கின்றன.

நோய் நிர்ணயம்: பித்தப்பைக் கற்களுடன் நாள்பட்ட பித்தப்பை அழற்சி (ICD-10: K80.1). பித்தக்கல்லால் கணைய அழற்சி ஒருமுறை வந்து தணிந்திருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவும் உண்டு.

சிகிச்சை: லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை முழுவதும் நீக்குதல் (ICD-10-PCS: 0FT44ZZ), பொது மயக்க மருந்தில்.

அனுமதி 18.08.2025 மாலை, அறுவைச் சிகிச்சை 19.08.2025 காலை, டிஸ்சார்ஜ் 21.08.2025 காலை. மூன்று இரவுகள், பகிர்வு அறை.

நோய் வரலாறு

கடந்த ஜூன் 27 அன்று மேல்வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பரவல், ஓயாத வாந்தி. வேறொரு மருத்துவமனையில் ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்தார். லைபேஸ் 1,420 யூனிட். அந்த ஆய்வகத்தின் மேல்வரம்பு 60. கணைய அழற்சி லேசான வகை, உறுப்புச் செயலிழப்பு எதுவும் இல்லை. அப்போதே பித்தப்பையை எடுத்துவிடும்படி அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஜூன் 14 நள்ளிரவோடுதான் மீன்பிடித் தடைக்காலம் முடிந்திருந்தது. இரண்டு மாத வருமானம் போன நிலையில் சந்தையை விட முடியாமல் அவர் வீடு திரும்பிவிட்டார். ‘அவசரமில்லாததால் தள்ளிப்போட்டார்’ என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன்பின் ஜூலை 20, ஆகஸ்ட் 5 ஆகிய நாட்களில் வலி திரும்பி வந்தது. இரண்டு முறையும் ஊசி போட்ட பிறகே தணிந்தது.

ஆகஸ்ட் 8 ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ.; சுவர் தடிமன் 5 மி.மீ.; பொதுப் பித்தநாளம் 6 மி.மீ. நாளத்தில் கல் ஒளிந்திருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.சி.பி. எடுத்தோம், இல்லை. எனவே இ.ஆர்.சி.பி. தேவைப்படாது, அதை மதிப்பீட்டில் சேர்க்கவும் இல்லை. பிலிருபின் 0.9, லைபேஸ் இப்போது இயல்பு.

கணைய அழற்சி என்றதும் மதுவைப் பற்றிக் கேள்வி வரும். இவருக்கு மதுப் பழக்கம் எக்காலத்திலும் இல்லை. முந்தைய டிஸ்சார்ஜ் சுருக்கத்திலும் அப்படியே பதிவாகியுள்ளது. டிரைகிளிசரைடு 168, கால்சியம் 9.2. வேறு காரணம் தென்படவில்லை. கற்கள்தான் காரணம்.

ஏன் இப்போதே அறுவைச் சிகிச்சை

கல் பித்தப்பையில் இருக்கும்வரை அடுத்த கல் எப்போது வேண்டுமானாலும் நாளத்தில் இறங்கலாம். அடுத்த கணைய அழற்சியும் லேசாகவே இருக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. இது கடுமையானால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்க நேரிடும். அதனால்தான் லேசான கணைய அழற்சியில், முடிந்தால் அதே அனுமதியிலேயே பித்தப்பையை எடுக்கச் சொல்கிறோம். இவருக்கு ஏற்கெனவே ஆறு வாரம் கடந்துவிட்டது. கல்லைக் கரைக்கும் மாத்திரை இத்தனை பெரிய, பல கற்களுக்குப் பயன் தராது. பித்தப்பையை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்தால் கல் மீண்டும் உருவாகும்.

ஏன் மூன்று இரவுகள்

லேப்ராஸ்கோப்பி என்பதால் ஒருநாள் சிகிச்சையாக முடிக்கலாமே என்று கேட்கலாம். ஆரோக்கியமான ஒருவருக்கு அப்படிச் செய்வோம். இவருக்கு எச்பிஏ1சி 7.8, உடல் நிறைக் குறியீடு 31. முந்தைய இரவே சேர்த்தால்தான் பட்டினி நேரத்தில் சர்க்கரையை இன்சுலினால் சீராக வைக்க முடியும். சமீபத்திய அழற்சியால் பித்தப்பைக் கழுத்தில் ஒட்டல்கள் இருக்க வாய்ப்புண்டு. பித்தக் கசிவோ ரத்தக் கசிவோ இல்லை என்று உறுதியாகும் வரை அனுப்ப மாட்டோம். அவர் வீடு திரும்பினால் கவனிக்க, பகலில் கல்லூரி போகும் மகள் ஒருத்திதான் இருக்கிறாள்.

மதிப்பீட்டுச் செலவு

அறை 7,500 (நாளுக்கு 2,500 ரூபாய்; பாலிசியின் உச்சவரம்பு 5,000); அறுவை, மயக்க மருத்துவர் கட்டணம் 42,000; தியேட்டர், கருவிகள் 20,000; மருந்துகளும் பயன்பாட்டுப் பொருட்களும் 18,000; பரிசோதனைகள், பயாப்சி 6,500. மொத்தம் 94,000 ரூபாய். ஒட்டல்களால் திறந்த அறுவைக்கு மாற வேண்டியிருந்தால் தங்கும் நாட்களும் செலவும் கூடும். அன்றே காரணத்துடன் கூடுதல் அனுமதி கோருவோம்.

காத்திருப்புக் காலம்: பாலிசி மார்ச் 2021 முதல் இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டுள்ளது. பித்தக்கல்லுக்கான 24 மாதம் முடிந்துவிட்டது. நீரிழிவு ஆறு ஆண்டுகளாக இருப்பது முன்மொழிவுப் படிவத்திலேயே தெரிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் நகலை இணைத்துள்ளோம்.

ஸ்கேன், எம்.ஆர்.சி.பி., ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், முந்தைய டிஸ்சார்ஜ் சுருக்கம், மயக்க மருத்துவரின் தகுதிச் சான்று ஆகியவையும் உடன் உள்ளன. விளக்கம் தேவைப்பட்டால் எல்லாக் கேள்விகளையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அன்றே பதில் தருகிறேன். ஒவ்வொன்றாக வந்தால் 19ஆம் தேதி தள்ளிப்போகும், அந்த அம்மாவுக்கு இன்னொரு வலி வருவதற்கு அதுவே போதும்.

இப்படிக்கு,
சிகிச்சை அளிக்கும் மருத்துவர்
பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவு