விண்ணப்பக் கட்டுரை குறித்து விளக்கம் கோருதல்

அன்புள்ள மாணவிக்கு,

வணக்கம். இளங்கலைப் படிப்புக்கான உதவித்தொகை வேண்டி நீங்கள் அனுப்பிய ‘எங்கள் ஊர்க் கண்மாய்’ என்னும் கட்டுரையைக் குழுவினர் அனைவரும் படித்தோம். மடை திறக்கும் நாளில் நீர்ப்பாய்ச்சி வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுவதை நீங்கள் எழுதியிருக்கும் விதம், அருகில் நின்று பார்த்தவருக்கே கைவரும்.

ஆனால், குடிமராமத்தையும் 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தையும் பேசும் மூன்றாம் பக்கத்தில் நடை முற்றிலும் மாறி, அரசு அறிக்கையின் தொனி வந்துவிடுகிறது; அங்கு எந்த நூலும் குறிக்கப்படவில்லை. கலிங்கு என்ற சொல்லை முதல் பக்கத்தில் சரியாகக் கையாண்ட நீங்கள், இங்கு அதை மடையின் பொருளில் எழுதியிருப்பதும் எங்களை யோசிக்க வைத்தது.

ஆகவே, அந்தப் பக்கத்தை எப்படி எழுதினீர்கள், எவற்றைப் படித்தீர்கள், யாரேனும் திருத்தினார்களா அல்லது எழுதித் தந்தார்களா என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதி, கைவசமுள்ள முதல் வரைவையும் குறிப்புகளையும் இணைத்து, ஜூலை 14ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். ஆசிரியரின் உதவியைப் பெறுவதை எங்கள் விதிகள் தடுக்கவில்லை. அதைத் தெரிவிக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படவில்லை. பதில் கிடைக்கும்வரை குழு எந்த முடிவும் எடுக்காது. நேரில் விளக்க விரும்பினால் பெற்றோருடனோ ஆசிரியருடனோ வரலாம்; பயணச் செலவை நாங்கள் ஏற்போம்.

இப்படிக்கு,
தலைவர்,
உதவித்தொகைத் தேர்வுக் குழு,
மதுரை